இருபத்து மூன்றாவது மெயில்

துணைத் தலைவர் இன்பசேகரனுக்கு விவரங்கள் பிடிக்காது. விவரம் என்பது கீழே உட்கார்ந்திருப்பவர்களின் சமாச்சாரம் என்பது அவர் கொள்கை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் மீட்டிங்கிலேயே, "எனக்குக் கடல் வேணாம், முத்து போதும்" என்று அறிவித்தார். முத்தெடுக்க யாராவது மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்க வேண்டும் என்ற விஷயத்தை அவர் தொடவில்லை.

சேர்ந்து எட்டாவது நாள், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு, அவர் ஃபீபியைக் கூப்பிட்டார்.

"பிரெஞ்சுக்காரங்க என்னையும் இப்போ சிசியில சேர்த்திருக்காங்க. இன்னிக்கு ரெண்டரைக்கு வீடியோ கால். இது என்ன, ராமாயணம் மாதிரி போய்ட்டே இருக்கு?"

"நாற்பத்தொரு மெயில் சார். ஆகஸ்ட்லேர்ந்து ஓடுது."

"ஏஐ மெஷின்ல போட்டுப் பார்த்துட்டேன். பத்து செகண்ட்ல சம்மரி குடுத்துடுச்சு. நீங்களும் ஒண்ணு எழுதிக் குடுங்க. ஒரே பக்கம். ஒரு மணிக்குள்ள." பத்து விநாடியில் முடிந்ததற்கு மூன்றரை மணி நேரம் தருவது ஒரு வகைக் கருணை என்பதுபோல அவர் சிரித்தார்.

அவருடைய மேஜையில், ஓரமாக, ஒரு மஞ்சள் ஃபைல் கிடந்தது. அதன் மேல் ஃபீபியின் பெயர் எழுதியிருந்தது. இந்த மாதக் கடைசியோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று கையெழுத்துப் போட வேண்டியவர் இன்பசேகரன். ஃபைலின் மேல் அவருடைய டீ கப் இருந்தது.

ஃபீபிக்கு பிரெஞ்சு வந்த கதை பெரிய கதை இல்லை. வேலூரில் பிளஸ் டூ படிக்கும்போது, தமிழை விட பிரெஞ்சில் மார்க் அள்ளலாம் என்று யாரோ சொல்ல, நர்ஸாக இருந்த அம்மா அதில் சேர்த்துவிட்டார். மார்க்குக்காகப் படித்தவர்கள் எல்லோரும் பரீட்சை ஹாலிலேயே அந்த மொழியை விட்டுவிட்டு வந்தார்கள். இவளுக்கு மட்டும் அது ஒட்டிக்கொண்டது. பாண்டிச்சேரிக்குப் போய் இரண்டு வருஷம் மேலே படித்தாள். இன்று தொள்ளாயிரம் பேர் வேலை செய்யும் கம்பெனியில், வாங்குகிறவன் என்ன எழுதுகிறான் என்று படித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தான். தினமும் காலையில் பள்ளிகொண்டா வழியாக வரும் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வருகிறாள்.

அவள் நாற்பத்தொரு மெயிலையும் பிரின்ட் எடுத்தாள். மெஷினைப் போல அவளால் பத்து விநாடியில் முடிக்க முடியாது. அவளுக்கு ஒரு முறை உண்டு. முதலில் தேதிப்படி அடுக்குவது. ஒவ்வொரு மெயிலின் கீழும் பழைய மெயில்கள் வால்போலத் தொங்கும், அவற்றைப் பென்சிலால் அடித்துவிட்டுப் புதிதாகச் சொன்னதை மட்டும் விட்டுவைப்பது. பிரான்ஸ் நேரத்தோடு மூன்றரை மணி கூட்டி நம் நேரத்தை ஓரத்தில் எழுதுவது. பிறகு, யார் என்ன கேட்டார், யார் எதற்கு ஒப்புக்கொண்டார், எது இன்னும் தொங்குகிறது என்று மூன்று நிறத்தில் கோடு போடுவது. முதலில் சொன்னது கடைசியில் மாறியிருக்கும், ஆகவே எது இன்றைய நிலை என்று பார்க்க வேண்டும். கோபத்தில் எழுதியதை முடிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மரியாதையாக எழுதியதைச் சாதாரணம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரெஞ்சுக்காரர்கள் கழுத்தைப் பிடிக்கும்போதுதான் ரொம்ப மரியாதையாக எழுதுவார்கள்.

விவகாரத்தின் வேர் இதுதான். நாலாயிரத்து இருநூறு ஜோடி பெண்கள் ஷூவுக்கு ஆர்டர். உள்ளே காலில் படும் லைனிங் தோலில், உடம்புக்குக் கெடுதலான ஆறாம் வகை குரோமியம் இருப்பதாக பிரான்ஸ் லேப் சொன்னது. ஐரோப்பாவில் கிலோவுக்கு மூன்று மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் விற்கக்கூடாது. அவர்கள் லேபில் ஐந்துக்கு மேல். நம் லேபில் ஒன்றுமே இல்லை. இரண்டு லேபும் பொய் சொல்லவில்லை. அவர்கள் தோலைச் சூடான, வறண்ட அடுப்பில் ஒரு நாள் வைத்து, கடையில் பல மாதம் கிடந்த தோல்போல ஆக்கிப் பிறகு சோதித்தார்கள். நாம் தோலை வந்தபடியே சோதித்தோம். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே பதினாறு மெயில் ஆனது.

பன்னிரண்டாவது மெயிலில், "இரண்டாவது சோதனை வரும்வரை வேலையைத் தொடருங்கள்" என்று அங்கே தரக் கட்டுப்பாட்டைப் பார்க்கும் மதாம் லெபியான் எழுதியிருந்தார். அதை ஃபீபி அன்றே தயாரிப்பு மேனேஜர் கவுஸ் பாஷாவிடம் சொன்னாள். அவரும் தொடர்ந்தார்.

பதினொன்றே காலுக்கு அவள் எண்ணிப் பார்த்தாள். கடைசி மெயிலின் வாலைப் பிடித்துப் பின்னால் போனால் முப்பத்து மூன்றுதான் வருகிறது. அவளுடைய பெட்டியில் நாற்பத்தொன்று இருக்கிறது. மிச்சம் எட்டு எங்கே?

அவை ஒரு கிளை. பதினேழாவது மெயிலுக்கு மதாம் லெபியான் தனியாகப் பதில் எழுத, அங்கிருந்து பேச்சு பிரிந்து போயிருந்தது. தலைப்பு அதேதான். மரம் இரண்டாகப் பிளந்தது தலைப்பைப் பார்த்தால் தெரியாது. பெரிய கிளையில் எல்லோரும் பெட்டி லேபிளின் பார்கோடு பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னக் கிளை ஃபீபிக்கு மட்டும் வந்திருந்தது.

அந்தக் கிளையில், தேதிப்படி இருபத்து மூன்றாவது மெயில். செப்டம்பர் ஐந்து, வெள்ளிக்கிழமை, நம் நேரம் பன்னிரண்டு நாற்பது.

முதல் பத்தியில் கூரியரில் சாம்பிள் வந்ததற்கு நன்றி. இரண்டாவது பத்தியில் வானிலை. மூன்றாவது பத்தியில்: இரண்டாவது சோதனையும் தோல்வி. அந்த லைனிங்கை உடனே நிறுத்த வேண்டும். குரோம் இல்லாத லைனிங்குக்கு மாற வேண்டும். இனி எல்லாச் சோதனையும் அடுப்பில் வைத்துத்தான். நான்காவது பத்தியில்: திங்கட்கிழமை எங்கள் நேரம் நண்பகலுக்குள் மறுப்பு வராவிட்டால் இந்தத் திட்டத்தை நீங்கள் ஏற்றதாக எடுத்துக்கொள்வோம்.

அதன் கீழே பதில். பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. பன்னிரண்டு நிமிஷத்தில். "குறித்துக்கொண்டோம், மிக்க நன்றி. ஃபீபி."

அவள் தேதியை மறுபடி பார்த்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஜும்ஆ தொழுகைக்காக மெஷின்கள் நின்று, ஹாலே காலியாக இருந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கையால் மவுஸைத் தட்டினாள். சாம்பிள் வந்துவிட்டது என்று படித்தாள். சந்தோஷப்பட்டாள். பதில் போட்டாள். மீதியைச் சாப்பிட்டபின் படிக்கலாம் என்று நினைத்தாள். அதற்குள் இன்னும் ஒன்பது மெயில் வந்தது, ஒன்பதுக்கும் பதில் போட்டாள்.

ஏன் என்றால், கம்பெனியில் ஒரு சட்டம் இருந்தது. முந்தைய ஜெனரல் மேனேஜர் கொண்டு வந்தது. எந்த மெயில் வந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் பதில் போக வேண்டும். படித்தோமா என்பது பற்றிச் சட்டத்தில் எதுவும் இல்லை. மாதா மாதம் கம்ப்யூட்டர் கணக்கெடுத்து யார் வேகம் என்று பலகையில் ஒட்டும். பதில் வேகத்தில் முதலிடம் என்று இரண்டு முறை ஃபீபிக்குச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். ஒன்று ஃப்ரேம் போட்டு அவள் தலைக்கு மேலேயே தொங்கியது.

அவள் எழுந்து தயாரிப்புக் கூடத்துக்கு ஓடினாள்.

கவுஸ் பாஷா தையல் வரிசையின் முனையில், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒரு அப்பரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷூவின் மேல்பாகத்துக்கு அங்கே அப்பர் என்று பெயர். முப்பத்தோரு வருஷமாக அவர் அப்பரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"பாய், பிரெஞ்சு ஆர்டர் லைனிங், பழசுதான் ஓடுதா?"

"வேற இன்னா? நீதானே சொன்ன, ஓட்டுன்னு."

"எட்டாந்தேதிக்கு அப்புறம் எவ்ளோ ஓடிச்சு?"

அவர் கண்ணாடியை இறக்கினார். "ஆறு நாள். ஒரு நாளைக்கு நூத்தித் தொண்ணூறு. ஆயிரத்து நூத்தி நாப்பது ஜோடி. ஏம்மா, மூஞ்சி ஏன் இப்டிப் போச்சு?"

அவள் சொன்னாள். மெஷின் சத்தத்தில் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. தன் தப்பை இரண்டு முறை, இரண்டாவது முறை கத்தி, சொல்வது மிகவும் கஷ்டம்.

கவுஸ் பாஷா கையைத் தூக்கினார். வரிசை நின்றது. நாற்பது பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அட பாவி மவளே," என்றார் மெதுவாக. "பிரெஞ்சுலயே எங்க தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டு, நன்றின்னும் எழுதி வெச்சிருக்கியே."

"பாய், ப்ளீஸ்."

"இரு, யோசிக்க வுடு. சோல் இன்னும் வரல. அதனால ஒண்ணும் ஷூ ஆகல, எல்லாம் அப்பராவே கிடக்கு. பிரிச்சி லைனிங்கை மாத்தலாம். ராணிப்பேட்டைல குரோம் இல்லாத தோல் இருக்கு, நாளைக்கே வரும். பத்து நாள் பேஜார், அவ்ளோதான்." குரலைத் தாழ்த்தினார். "அந்த மெயிலு உனக்கு மட்டும்தானே வந்துச்சு? பெரியவருக்குத் தெரியாதில்ல? அப்போ அதை எழுதாத. நான் நைசா மாத்திடறேன். உன் கான்ட்ராக்ட்டும் பிழைக்கும், என் தலையும் பிழைக்கும்."

அவளும் அதைத்தான் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அடுத்தவர் வாயிலிருந்து கேட்கும்போது அது அத்தனை அழகாக இல்லை.

மேஜைக்குத் திரும்பி எழுத ஆரம்பித்தாள். தலைப்பு, இன்றைய நிலை. அடுத்து, முடிவானவை. அவள் விரல் அங்கே நின்றது. இருபத்து மூன்றாவது மெயில் இல்லாமல் ஒரு சுருக்கம் எழுதிப் பார்த்தாள். அழகாக வந்தது. ஒரே பக்கம். ஆகஸ்ட்டில் பிரச்சினை, செப்டம்பரில் பேச்சு, லேபிள் கிட்டத்தட்ட முடிந்தது, இரண்டாவது சோதனை வரும்வரை வேலையைத் தொடரச் சொன்னார்கள். எல்லா வாக்கியமும் ஏதோ ஒரு மெயிலில் இருந்தது. எல்லா வாக்கியமும் உண்மை. மொத்தமாகச் சேர்த்தால் பொய்.

இதை எடுத்துக்கொண்டு இன்பசேகரன் ரெண்டரைக்கு உட்கார்ந்தால் என்ன ஆகும்? "எங்கள் லேபில் பாஸ்" என்று ஆரம்பிப்பார். எதிரில் மதாம் லெபியான் நான்கு பத்தி மெயிலை எடுத்துக் காட்டுவார். வரும் திங்கட்கிழமை, சரக்கைச் சோதிக்க அவர்கள் அனுப்பும் இன்ஸ்பெக்டர் வந்து ஒரு அப்பரை வெட்டிப் பார்ப்பார். அப்புறம் பிரித்துத் தைக்க ஒன்றும் மிஞ்சாது. ஆர்டரே போகும்.

அவள் அழகான பக்கத்தை அழித்தாள்.

புதிய பக்கத்தில் நான்காவது பத்தியை முதல் பத்தியாகத் தூக்கி வைத்தாள். எந்த மெயில், எந்தத் தேதி, எந்த நேரம் என்று குறிப்பிட்டாள். "நம் பக்கமிருந்து பதில்: குறித்துக்கொண்டோம். பதில் எழுதியவர்: ஃபீபி. மெயிலை முழுக்கப் படிக்காமல் எழுதப்பட்டது. தயாரிப்புப் பிரிவுக்குச் சொல்லப்படவில்லை. மறுப்பு அனுப்பப்படவில்லை. அவர்கள் பார்வையில் இது முடிந்த விஷயம். அதன்பின் பழைய லைனிங்கில் தைத்தவை 1,140 ஜோடி, எல்லாம் அப்பர் நிலையில். இன்று பதினொன்றரைக்கு வரிசை நிறுத்தப்பட்டது." தன் பெயரை எழுத்துப் பெரிதாக்காமலும் சின்னதாக்காமலும் விட்டாள். அது மட்டுமே கால் மணி நேரம் ஆனது.

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"வெச்சிட்டுப் போங்க," என்றார் இன்பசேகரன்.

"சார், முதல் பத்தியை மட்டும் இப்பவே—"

"ஃபீபி. நான் முப்பது வருஷமா நெகோசியேஷன் பண்றேன். ஒரு ரூமுக்குள்ள நுழைஞ்சதுமே காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரிஞ்சிடும். பேப்பரு பார்த்து வண்டி ஓட்டுற ஆள் நான் இல்ல." பக்கத்தை மஞ்சள் ஃபைலின் மேல் வைத்து, அதன்மேல் டீ கப்பை வைத்தார்.

ரெண்டரைக்கு கான்ஃபரன்ஸ் அறையில் ஏசி குளிர் எலும்பைத் தொட்டது. இன்பசேகரன் கோட் போட்டிருந்தார். செப்டம்பர் ஆம்பூரில் கோட் போடுகிற ஒரே மனிதர் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் நிறைய வியர்வையும் உண்டு. ஃபீபி குறிப்பெடுக்க வலது பக்கம் உட்கார்ந்தாள். கவுஸ் பாஷா கதவருகே, எந்த நேரமும் ஓடத் தயாராக இருப்பவர்போல உட்கார்ந்தார். ஃபீபி எழுதிய பக்கத்தின் இன்னொரு பிரதி அவள் நோட்டுக்குள் இருந்தது.

திரையில் மதாம் லெபியானும், அவருக்கு மேலே உள்ள முசியே தெல்மாவும் வந்தார்கள்.

"போன்ஜூர், போன்ஜூர்!" என்றார் இன்பசேகரன். அவருடைய பிரெஞ்சு அதோடு முடிந்தது. பிறகு ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். நட்பு, பாலம், இரண்டு கலாசாரம், தொலைநோக்கு. மதாம் லெபியான் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

முசியே தெல்மா பக்கத்தில் திரும்பி பிரெஞ்சில் சொன்னார். மைக்கை அணைக்கவில்லை; குறிப்பெடுக்கும் பெண்தான் பிரெஞ்சில் பதில் எழுதும் ஃபீபி என்று அவருக்குத் தெரியாது. "லைனிங் மாற்றிவிட்டார்களா என்று சொல்லாவிட்டால் இன்றே ஆர்டரை நிறுத்திவிடலாம்."

ஃபீபி நோட்டைத் திறந்தாள்.

"நேரா விஷயத்துக்கு வர்றேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னார் இன்பசேகரன். "எங்க பக்கம் ரொம்பத் தெளிவா இருக்கோம். நாங்க எதுக்கும் இன்னும்—"

ஃபீபி நோட்டிலிருந்து பக்கத்தை எடுத்து அவருடைய கைக்கும் காபிக் கோப்பைக்கும் நடுவில் தள்ளினாள். முதல் பத்தியின் மேல் விரலை வைத்தாள். துணைத் தலைவர் பேசும்போது நடுவில் காகிதம் நீட்டியவர்கள் அந்தக் கம்பெனியில் இதற்குமுன் யாரும் இல்லை.

இன்பசேகரன் அவளை முறைத்தார். பிறகு விரலைப் பார்த்தார். விரலுக்குக் கீழே படித்தார். ஒரு வரி. இன்னொரு வரி. கோட்டின் காலர் பக்கம் ஒரு வியர்வைத் துளி மெல்ல இறங்கியது. திரையில் இருவரும் காத்திருந்தார்கள். நம் பக்கம் நெட் நின்றுவிட்டதா என்று மதாம் லெபியான் கேட்டார்.

"இல்ல," என்றார் இன்பசேகரன். காத்து எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவருக்கு இப்போது தெரிந்திருந்தது. "நாங்க எதுக்கும் இன்னும் தாமதம் பண்ண விரும்பல. செப்டம்பர் அஞ்சாந்தேதி உங்க திட்டத்தை ஏத்துக்கிட்டோம். ஆனா செயல்படுத்துறதுல எங்க பக்கம் ஒரு இடைவெளி. நான் இன்னிக்கிக் காலைல வரிசையை நிறுத்திட்டேன்."

கதவருகே கவுஸ் பாஷா இருமினார்.

"எத்தனை ஜோடி?" என்றார் மதாம் லெபியான்.

இன்பசேகரன் காகிதத்தைப் பார்த்தார். "ஆயிரத்து நூத்தி நாப்பது. எல்லாம் அப்பர். பிரிச்சு மாத்தப் பத்து நாள். இன்ஸ்பெக்டரை அதுக்கப்புறம் அனுப்புங்க."

அங்கே இருவரும் பிரெஞ்சில் ஒரு நிமிஷம் பேசினார்கள். எண் சொல்லியிருக்கிறார்கள், ஒளிக்கவில்லை என்றார் மதாம் லெபியான். பத்து நாள் என்பது நமக்குத் தாங்கும் என்றார் தெல்மா. பிறகு ஆங்கிலத்தில், பிரித்து வைத்த ஜோடிகளின் பட்டியலும், புதுத் தோலுக்கு அடுப்பில் வைத்துச் செய்த சோதனை அறிக்கையும் வேண்டும் என்றார். ஆர்டர் நிற்காது.

"ஒரு வேண்டுகோள்," என்றார் மதாம் லெபியான். "இன்றைய பேச்சின் குறிப்பை மிஸ் ஃபீபி அனுப்பட்டும். இனி உங்கள் பக்கத்துப் பதில் எல்லாம், மெயிலை முழுக்கப் படித்த பிறகு அவரிடமிருந்தே வரட்டும். குறித்துக்கொண்டோம் என்று மட்டும் எழுத வேண்டாம்." அவர் சிரிக்கவில்லை. ஆனால் பேனாவைத் தட்டுவதை நிறுத்தியிருந்தார்.

திரை அணைந்ததும் இன்பசேகரன் கோட்டைக் கழற்றினார். ஃபீபியைப் பார்க்காமல், "உங்களுக்கு ஒரு மெமோ வரும். விளக்கம் எழுதிக் குடுக்கணும்," என்றார்.

"குடுக்கறேன் சார்."

"ஃபைலை..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிரான்ஸ்காரி பெயர் சொல்லிக் கேட்ட ஆளை மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்புவது எப்படி என்று கணக்குப் போட்டார். கணக்கு வரவில்லை. "ஃபைலை நாளைக்கு அனுப்பறேன். ஆறு மாசம் நீட்டிப்பு. ஒரு வருஷம் இல்ல. ஆறு மாசம்." தண்டனை கொடுத்த திருப்தியோடு வெளியே போனார்.

வராந்தாவில் கவுஸ் பாஷா காத்திருந்தார். "அவரு வரிசையை நிறுத்துனாராமே. எந்தக் கையால நிறுத்துனாரு, கேட்டியா?"

"பாய், உங்க பேரு நான் எழுதல. நிறுத்தப்பட்டதுன்னுதான் எழுதினேன்."

"அதான் தப்பு. அடுத்த தபா யாரு நிறுத்துனான்னும் எழுது." அவர் கூடத்துப் பக்கம் நடந்தார். ஆயிரத்து நூற்று நாற்பது ஜோடியைப் பிரிக்கப் போகிற மனிதரின் நடை அது.

நாலே முக்காலுக்கு எல்லோருக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. துணைத் தலைவரிடமிருந்து, ஐந்து பத்தி. பக்கத்து மேஜையில் ஏற்றுமதிப் பத்திரங்களைப் பார்க்கும் சகீனா பதில் பட்டனைத் தட்டினாள். டக், டக் என்று ஹால் முழுக்கச் சத்தம். இரண்டு நிமிஷத்துக்குள் முப்பத்தாறு பேர் 'குறித்துக்கொண்டோம், நன்றி' என்று பதில் அனுப்பியிருந்தார்கள்.

"இன்னாடி, நீ போடல?" என்றாள் சகீனா. "இந்த மாசம் ஃபர்ஸ்ட் போய்டும்."

ஃபீபி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு முதல் பத்தியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். நான்காவது பத்தியில், இனி ஒரு மணி நேரம் என்பது அரை மணி நேரமாகக் குறைக்கப்படுகிறது என்று இருந்தது. திங்கட்கிழமைக்குள் ஆட்சேபணை வராவிட்டால் எல்லோரும் ஏற்றதாக எடுத்துக்கொள்ளப்படும் என்றும் இருந்தது.

அவள் பதில் எழுதத் தொடங்கினாள். "மதிப்பிற்குரிய சார், நான்காவது பத்தி பற்றி எனக்கு ஆட்சேபணை உண்டு."